புள்ளிக்கும் ஒரு விலை

'கோயில்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் விரல்விட்டு மூன்று என்று சொல்லிவிடும்: கோ, யி, ல். அதே சொல்லை எக்ஸ் தளத்தில் தட்டினால் 280இல் 6 கழிந்துவிடும். யூடியூப் விவரணைப் பெட்டிக்கு அது 18. மூன்று கணக்கும் சரிதான். ஒவ்வொன்றும் வேறு எதையோ எண்ணுகிறது, அவ்வளவே. கணினியில் உலாவியின் கன்சோலைத் திறந்து, இதை வரி வரியாக ஒட்டிப் பார்த்தால் மூன்றும் வந்து நிற்கும்.

```
const s = "கோயில்";
[...new Intl.Segmenter("ta").segment(s)].length; // 3
[...s].length;                                   // 6
new TextEncoder().encode(s).length;              // 18
```

முதல் கணக்கு கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது. இரண்டாவது, அந்த எழுத்துகளைக் கட்டப் பயன்பட்ட யூனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது. மூன்றாவது எண்ணுவது, அந்தக் குறியீடுகள் UTF-8 முறையில் வட்டில் அடைக்கும் பைட்டுகளை. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்.

நம் கேப்ஷன்கள் பாதி வழியிலேயே 'இடமில்லை' என்று நிற்பதற்குக் காரணம் அந்த இரண்டாவது கணக்கில் இருக்கிறது. அங்கே கணக்கு நம் இலக்கணத்துக்கு நேர் எதிராக ஓடுகிறது. தொல்காப்பியக் காலம்தொட்டு நமக்கு மெய்தான் அடிப்படை. க் என்னும் மெய்யோடு அ என்னும் உயிர் சேர்ந்தால் க. ஆனால் யூனிகோடில் அடிப்படை 'க'. அதோடு புள்ளி என்ற தனிக்குறியைக் கூட்டினால்தான் 'க்' கிடைக்கும். ஒலியில் குறைந்தது, இடத்தில் கூடியது. அகர உயிர்மெய் ஒரு குறியீட்டில் முடிகிறது. அதிலிருந்து உயிரை எடுத்த மெய்க்கு இரண்டு குறியீடு.

247 எழுத்தையும் இந்த விலையில் பார்த்தால் 12 உயிர், 18 அகர உயிர்மெய், 1 ஆய்தம் ஆக 31 எழுத்துக்குத்தான் ஒற்றைக் குறியீடு. மீதி 216க்கும் இரண்டிரண்டு. ('ஸ்ரீ' தனி வகை: பார்க்க ஒன்று, உள்ளே நான்கு.) ஆங்கில எழுத்து எல்லாமே ஒற்றை. அதனால்தான் ஒரே எல்லைக்குள் அவர்களுக்கு 280 எழுத்தும் நமக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவாகவும் கிடைக்கிறது.

இப்படி ஏன் அமைத்தார்கள்? இந்திய எழுத்துமுறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 1980களில் உருவான இஸ்கி என்ற தரத்தின் வரிசையையே யூனிகோடு எடுத்துக்கொண்டது. தேவநாகரி போன்ற எழுத்துகளில் மெய்கள் கூட்டெழுத்தாக ஒட்டிக்கொள்ளும். நம் எழுத்தில் புள்ளி அடிக்கு அடி வெளிப்படையாக நிற்கும். அந்த வேறுபாட்டைப் பொதுத்திட்டம் பொருட்படுத்தவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒற்றைக் குறியீடு தரும் TACE16 என்ற முறையை 2010இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் குடியிருப்பது. சமூகத் தளங்களில் அதை ஒட்டினால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். ஒருமுறை கொடுத்த குறியீட்டை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதி. எனவே இந்த விலைப்பட்டியலோடுதான் நாம் வாழ வேண்டும்.

தளத்துக்குத் தளம் தராசு வேறு. எக்ஸ், கட்டணம் செலுத்தாத கணக்குக்கு 280 தருகிறது. 2017 நவம்பரில் 140ஐ இரட்டித்தபோது சீனம், ஜப்பானியம், கொரிய எழுத்துகளுக்கு ஒன்றுக்கு இரண்டு என்று விலை வைத்தார்கள். ஒரே எழுத்தில் அவர்கள் நிறையச் சொல்லிவிடுகிறார்கள் என்பது காரணம். யூனிகோடு வரிசையில் U+10FF வரை உள்ளவை எல்லாம் ஒன்றுக்கு ஒன்று. தமிழ் U+0B80இல் தொடங்குவதால் அந்தச் சலுகைக்குள் வந்துவிட்டது. ஆனால் அங்கே ஒன்று என்பது ஒரு குறியீடு, ஓர் எழுத்து இல்லை. புளூஸ்கை இந்த விஷயத்தில் நமக்கு நியாயமான தளம்: 300 என்று அது எண்ணுவது கண்ணுக்குத் தெரியும் எழுத்தை. 'கோ' அங்கே ஒன்று, 'ல்' ஒன்று. கூடவே 3000 பைட் என்ற எல்லையும் உண்டு. சாதாரணத் தமிழ் அதைத் தொடாது. யூடியூப் விவரணைக்கு நிரலாளர் ஆவணம் சொல்லும் எல்லை 5000 பைட். 5000 என்ற எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. தமிழில் அது ஆயிரத்துச் சொச்சம் எழுத்துதான்.

இனி ஒரு கேப்ஷனையே எடுத்து அறுத்துப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதை ஊரெல்லாம் உண்டு. காலையிலோ மாலையிலோ போனால் பிராகாரத்தில் நீட்டிப் படுத்திருக்கும் நிழலை யாரும் பார்க்கலாம். அப்படி ஒரு படத்துக்குக் கீழே, செய்தி நடையில் பழகிய ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"தஞ்சாவூரில் அமைந்துள்ள பெரிய கோயில் மாமன்னர் முதலாம் இராசராச சோழன் அவர்களால் கட்டப்பட்டு 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்யப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. இக்கோயிலின் விமானத்தின் நிழல் தரையில் விழுவதில்லை என்று பலரும் கூறி வருகின்றனர். ஆனால் இந்தப் புகைப்படத்தில் விமானத்தின் நிழல் தரையில் விழுந்திருப்பதைத் தெளிவாகக் காண முடிகிறது."

கண்ணுக்குத் தெரியும் எழுத்து, இடைவெளி, முற்றுப்புள்ளி, இலக்கம் எல்லாம் சேர்த்து 210. புளூஸ்கையில் 90 மிச்சம். எக்ஸ் கணக்கில் இது 329. எல்லையைத் தாண்டி 49. இந்தப் பத்தியில் மெய்யெழுத்தின் தலையில் நிற்கும் புள்ளிகளை மட்டும் எண்ணினேன். அதுவும் 49. புள்ளிக்கு விலை இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கேப்ஷன் ஒரு குறியீடுகூடக் கூடாமல் குறையாமல் 280இல் உட்கார்ந்திருக்கும்.

புள்ளி எங்கே குவிகிறது என்று பார்த்தால் எதை வெட்டுவது என்பது தானே தெரிந்துவிடும். ஒற்று இரட்டிக்கும் இடங்கள்தான் கனமானவை: ப்பட்டு, த்தின், த்தக்க, ள்ளது. இவை பெரும்பாலும் செய்தியைச் சுமக்கும் சொற்கள் இல்லை. செய்திக்குப் போட்ட சட்டை. 'என்பது குறிப்பிடத்தக்கது' என்பதைப் பாருங்கள். முன்னால் உள்ள இடைவெளியோடு 25. மொத்த எல்லையில் பதினொன்றில் ஒரு பங்கு, எதையும் குறிப்பிடாமலே போகிறது. நாளிதழ்க்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் இந்த வாலை அறுத்து நொந்துபோன செய்தி ஒன்றையும் நான் பார்த்ததில்லை. அதை எடுத்தால் 329 என்பது 304 ஆகிறது.

அடுத்தது கடைசி வாக்கியம். 'விழுந்திருப்பதைத் தெளிவாகக் காண முடிகிறது' என்பதற்கு விலை 41. நிழல் விழுகிறது என்பதுதான் விஷயம். அதை நாம் காண்பதும் காண முடிவதும் படத்தின் வேலை. 'தெளிவாக விழுகிறது' என்று எழுதினால் 17. இப்போது மிகச்சரியாக 280. இரண்டே வெட்டில் பதிவு ஏறிவிடும். ஆனால் ஒரு லிங்க் சேர்க்க வழியில்லை. எக்ஸில் லிங்க் எவ்வளவு நீளமானாலும் 23, முன்னால் ஒரு இடைவெளி. ஒரு எமோஜி 2. ஆகவே இன்னும் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

செயப்பாட்டுவினைதான் அடுத்த சுரங்கம். 'கட்டப்பட்டு' 11, 'கட்டி' 5. 'நிறைவு செய்யப்பட்டது' 20, 'முடித்த' 7. யார் கட்டினார் என்று தெரிந்த பிறகும் 'அவரால் கட்டப்பட்டது' என்று எழுதுவது அலுவலகக் கோப்பிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அரசன் கட்டினான் என்றாலே தமிழ் நிமிர்ந்து நிற்கிறது. அப்படி மாற்றியதும் 'அவர்களால்' தானாக விழுகிறது, 'மாமன்னர்' என்ற அடைமொழியும் தேவையற்றுப் போகிறது. 'தஞ்சாவூரில் அமைந்துள்ள' என்ற 22க்குப் பதில் 'தஞ்சைப்' என்ற 7 போதும். கோயில்கள் எல்லாம் எங்கேயோ அமைந்துதான் இருக்கின்றன.

இரண்டாம் வாக்கியத்தில் நம் இலக்கணமே ஒரு கத்தியைக் கொடுக்கிறது. 'விமானத்தின் நிழல்' என்பதை 'விமான நிழல்' என்று தொகையாக்கினால் 'த்தின்' என்ற ஆறு குறியீடு மறைகிறது, பொருள் துளியும் மாறுவதில்லை. 'விழுவதில்லை என்று பலரும் கூறி வருகின்றனர்' என்ற 41, 'விழாது என்பார்கள்' என்ற 17க்குள் அடங்குகிறது. எதிர்மறை வினைமுற்றும் படர்க்கைப் பன்மையும் ஒரே சொல்லில் சேர்ந்துவிடும் மொழி நம்முடையது. அதைப் பிரித்துப் பிரித்து எழுதி இடம்போதவில்லை என்று புலம்புவது நாமே செய்துகொண்ட வினை.

எல்லாம் சேர்த்து எழுதினால்:

"முதலாம் இராசராசன் 1010இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயில். இதன் விமான நிழல் தரையில் விழாது என்பார்கள். படத்தைப் பாருங்கள், விழுகிறது."

இது 136. இரட்டிப்பதற்கு முந்தைய பழைய 140க்குள்ளேயே அடங்கியிருக்கும். லிங்க் சேர்த்தாலும் 160தான். விட்டது எதுவும் தகவல் இல்லை: யார், எப்போது, எந்தக் கோயில், என்ன வதந்தி, படம் என்ன காட்டுகிறது, ஐந்தும் இருக்கின்றன. 'முதலாம்' என்ற ஏழையும் வெட்டலாமே என்று சிலருக்குத் தோன்றும். நான் வெட்டமாட்டேன். தாராசுரம் கோயிலைக் கட்டியவன் இரண்டாம் இராசராசன். சோழர் கோயில்களைப் பற்றித் தொடர்ந்து பதிவிடுபவருக்கு இந்த ஏழு பெரிய குழப்பத்தைத் தவிர்க்கும்.

இந்த இடத்தில்தான் கை நிற்க வேண்டும். புள்ளிக்கு விலை என்று தெரிந்ததும் கண்ட புள்ளியையெல்லாம் பிடுங்கத் தோன்றும். சந்தி ஒற்றுகள் முதலில் பலியாகும். 'கீரைக்கடை' 9 குறியீடு. ஒற்றை விட்டு 'கீரை கடை' என்று பிரித்து எழுதினால் 8. ஒற்றின் இரண்டு போய் இடைவெளியின் ஒன்று வந்துவிடுகிறது. இந்த ஒன்றை மிச்சம் பிடிப்பதற்காகக் கடையை விட்டுவிட்டு, மத்தெடுத்துக் கீரையைக் கடையச் சொல்லிவிட்டோம்.

வேற்றுமை உருபும் அப்படியே. 'யானை கொன்ற புலி' என்பதில் செத்தது யார்? புலியும் செத்திருக்கலாம், யானையும் செத்திருக்கலாம். 'யானையைக் கொன்ற புலி' என்றால் சந்தேகமில்லை. உருபுக்கும் ஒற்றுக்கும் சேர்த்து விலை 4. ஒரு வனச்செய்திக் கேப்ஷனில் அந்த நான்கைக் கொடுக்காமல் இருப்பது கஞ்சத்தனம். 'விமான நிழல்' தொகையாக நிற்கலாம், ஏனென்றால் அங்கே வேறு பொருள் வர வழியில்லை. தொகையாக்கும்போது இரண்டாவது பொருள் ஒன்று எட்டிப்பார்க்கிறதா என்பதுதான் சோதனை.

மூன்றாவதாகக் காக்க வேண்டியது, 'என்பார்கள்' போன்ற சொற்கள். 10 குறியீடு கொண்ட அந்த ஒரு சொல்தான் வதந்தியை வதந்தி என்று அடையாளம் காட்டுகிறது. அதை எடுத்துவிட்டால் 'நிழல் தரையில் விழாது' என்பது நம் வாக்கு ஆகிவிடும். மறுப்பு அடுத்த வாக்கியத்தில்தானே வருகிறது என்று சமாதானம் சொல்ல முடியாது. இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்கு 2200 வரை இடம் தருகிறது. ஆனால் முதல் ஓரிரு வரியைக் காட்டிவிட்டு மீதியை மடித்து வைத்துவிடும். மடிப்பைத் திறக்காமல் போகிறவர் வதந்தியை மட்டும் படித்துவிட்டுப் போவார். அந்தத் தளத்துக்கு நான் வரிசையையே மாற்றுவேன்: 'தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழுகிறது. விழாது என்பது கட்டுக்கதை.' கட்டியவன் பெயரும் ஆண்டும் அதற்குக் கீழே வந்தால் போதும்.

மனிதர் வெட்டுவதைவிட மோசம், எந்திரம் வெட்டுவது. ஒரே உரையைப் பல தளங்களுக்கு அனுப்பும் கருவிகள் சில, எல்லை வந்ததும் குறியீட்டை எண்ணிப் பட்டென்று நறுக்கிவிடும். 'விழாது' ஆறு குறியீடு. நான்காவதில் நறுக்கினால் மிஞ்சுவது 'விழா'. விமான நிழல் தரையில் விழா! ஐந்தாவதில் நறுக்கினால் 'விழாத'. 'கோயில்' கடைசிக் குறியீட்டை இழந்தால் 'கோயில' என்று புள்ளி இல்லாமல் நிற்கும். பைட்டை எண்ணி வெட்டும் கருவியானால் ஒரு குறியீட்டின் நடுவிலேயே கத்தி இறங்கி, கடைசியில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் ஒன்று முளைக்கும். பதிவின் கடைசிச் சொல்லில் புள்ளி காணாமல் போயிருந்தாலோ அந்த வைரம் தெரிந்தாலோ, இப்படி வெட்டுப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

சில நேரம் எதையும் கூட்டாமலே எண்ணிக்கை ஏறியிருக்கும். பிடிஎஃபிலிருந்தோ பழைய எழுத்துரு மாற்றியிலிருந்தோ எடுத்து ஒட்டிய தமிழில் இது நடக்கும். 'கொ' என்பதை க, ொ என்று இரண்டு குறியீட்டிலும் எழுதலாம்; க, ெ, ா என்று மூன்றிலும் எழுதலாம். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. எக்ஸ், எண்ணுவதற்கு முன் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. எல்லா இடத்திலும் அந்த நல்ல பழக்கம் இருக்கும் என்று நம்ப முடியாது. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு: குறியீடு குறியீடாக அழிக்கும் ஏதேனும் ஒரு எடிட்டரில் 'கொ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து, பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். 'க' மிஞ்சினால் சரி. 'கெ' மிஞ்சினால் அது மூன்றாகக் கட்டிய எழுத்து. பேக்ஸ்பேஸ் தட்டியும் எதுவுமே அழியாதது போலத் தோன்றினால், அங்கே U+200C போன்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒளிந்திருக்கிறது. அதுவும் எண்ணிக்கையில் சேரும். கன்சோலில் `s.normalize("NFC")` என்று கொடுத்தால் மூன்றாகக் கட்டியது இரண்டாகும். ஒளிந்திருப்பதைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

சின்னச் சின்னச் சேமிப்புகளும் உண்டு. 'ஞாயிற்றுக்கிழமை' 15, 'ஞாயிறு' 6. 'புகைப்படம்' 10, 'போட்டோ' 6, 'படம்' 4. ஆண்டை எண்ணில் எழுதினால் நான்கோடு முடியும். தனியாகத் தொங்கும் ஹேஷ்டேகை வாக்கியத்துக்குள்ளேயே ஒரு சொல்லாக வைத்தால் அதை இரண்டுமுறை எழுத வேண்டாம். இவற்றை மட்டும் நம்பிச் சுருக்கத் தொடங்கினால் பத்துப் பதினைந்து கிடைக்கும். ஐம்பது, நூறு வேண்டுமென்றால் வினைமுற்றில்தான் கை வைக்க வேண்டும்.

இதே செய்தியைக் கைப்பேசியில் எஸ்எம்எஸ்ஸாக அனுப்புவோருக்கு நெருக்கடி இன்னும் கடுமை. ஒரு எஸ்எம்எஸ் என்பது 140 பைட். ஆங்கில எழுத்தை ஏழு பிட்டில் அடைத்து 160 ஆக்கிவிடுகிறார்கள். தமிழுக்குக் குறியீடு ஒன்றுக்கு 16 பிட் ஆவதால் 70தான். 70ஐத் தாண்டினால் துண்டுகளை ஒட்டுவதற்கான தகவலுக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் துண்டு ஒன்றுக்கு 67 ஆகச் சுருங்கும். நம் முதல் கேப்ஷன், அந்த 329, ஐந்து எஸ்எம்எஸ். சுருக்கிய 136, இரண்டு துண்டின் 134ஐ இரண்டே இரண்டு தாண்டுவதால் மூன்று எஸ்எம்எஸ் ஆகிறது. 'இதன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு அனுப்புங்கள், இரண்டிலேயே போய்விடும்.